ஒயில் மூடியில் பால் நிறக் களி: ஹெட் கெஸ்கட்டா, ஒயில் கூலரா?

காலையில் எஞ்சினுக்கு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அதன் உட்புறத்தில் பால்தேநீர் நிறத்தில் கொழகொழத்த களி ஒட்டியிருக்கிறது. றேடியேற்றரில் தண்ணீரும் குறைந்திருக்கிறது. ஆனால் வாகனத்தின் கீழே ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் "ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்பதுதான்.

அந்தப் பதில் சரியாக இருக்கலாம். தவறாகவும் இருக்கலாம். டீசல் லொறிகள், வான்கள் பலவற்றில் எஞ்சினின் பக்கவாட்டில், ஒயில் பில்டரை ஒட்டி, ஒயில் கூலர் என்ற சிறிய பாகம் இருக்கிறது. அதன் உள்ளே ஒயிலும் தண்ணீரும் மெல்லிய தகடுகளால் மட்டுமே பிரிக்கப்பட்டு ஓடுகின்றன. அந்தத் தகட்டில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். லீசிங்கில் எடுத்த லொறி ஒன்றுக்கு ஹெட்டைக் கழற்றி, சீவி, புதிய கெஸ்கட் போட்ட பிறகும் களி திரும்ப வந்தால், செலவழித்த பணமும் ஓடாமல் நின்ற நாட்களும் வீண்தான்.

முதலில் ஒயிலில் தண்ணீர் உண்மையில் கலந்திருக்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும். தினமும் குறுந்தூரம் மட்டும் ஓடி, முழுதாகச் சூடாகாத எஞ்சினில் வியர்த்த நீரும் மூடியில் இப்படிப் படியும். அப்போது டிப்ஸ்டிக்கில் வரும் ஒயில் சுத்தமாக இருக்கும், றேடியேற்றர் தண்ணீரும் குறையாது. டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் இருந்தாலோ, ஒயில் மட்டம் தானாக உயர்ந்திருந்தாலோ அது வியர்வை அல்ல. ஓர் இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் சம்ப் நட்டை மெதுவாக இளக்கினால், அடியில் தங்கிய தண்ணீர் ஒயிலுக்கு முன்பே வரும். தண்ணீர் நன்றாகக் கலந்து பிரியாமல் இருந்தால், அந்த ஒயிலில் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விட்டுப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும்.

அடுத்து, இரண்டு பழுதுகளையும் பிரித்தறிய அழுத்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 30 முதல் 70 இறாத்தல் வரை இருக்கும். றேடியேற்றர் தண்ணீரின் அழுத்தம் மூடியைப் பொறுத்து சுமார் 7 முதல் 16 இறாத்தல்தான். ஆகவே ஒயில் கூலர் ஓட்டையானால், ஓடும்போது ஒயில்தான் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் ஒயில் அழுத்தம் உடனே விழுந்துவிடும். சூடான தண்ணீரின் அழுத்தமோ ஆறும்வரை இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் எதிர்த்திசையில் ஒயிலுக்குள் புகும். அதனால் ஒயில் கூலர் பழுதில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அழுக்காகும்: ஒயிலில் பால் நிறம், றேடியேற்றர் வாயில் மண்ணிறப் பிசுபிசுப்பு.

ஹெட் கெஸ்கட் சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் இடையில் எரிந்துபோனால் கதை வேறு. எரிந்த வாயு மிகப் பெரிய அழுத்தத்துடன் தண்ணீருக்குள் பாயும். தண்ணீர் வெளியே தள்ளப்படும், எஞ்சின் சூடேறும். நிறுத்திய பிறகு தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து, றிங்குகளைத் தாண்டி ஒயிலில் இறங்கும். மறுநாள் காலை ஸ்ரார்ட் செய்யும்போது எஞ்சின் திணறி வெள்ளைப் புகை தள்ளும். ஸ்ரார்ட்டர் சுற்றாமல் இறுகி நின்றால் திரும்பத் திரும்ப முயலக்கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நிறைந்திருந்தால் கொன்றோட் வளைந்துவிடும்.

இதற்கான சோதனையை முழுதும் ஆறிய எஞ்சினில் செய்ய வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. வாய்வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே ஸ்ரார்ட் செய்து, அக்சிலேற்றரைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சில நிமிடங்களில் வெளியேறிவிடும். அதன் பிறகும் குமிழிகள் இடைவிடாமல் வந்தால் அது எரிந்த வாயு. மூடியைப் போட்டு ஓடவிடும்போது, எஞ்சின் இன்னும் சூடாகாத ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே முடிவுதான். குமிழிகள் வந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கெஸ்கட் நன்றாக இருந்தால் ஹெட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குமிழி வராவிட்டால் கெஸ்கட் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கெஸ்கட்டில் ஒயில் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் இடையில் மட்டும் கிழிந்திருந்தால் வாயு வராது. அப்போது அறிகுறிகள் அப்படியே ஒயில் கூலர் பழுது போலவே இருக்கும். பல மெக்கானிக்குகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இங்கே தீர்ப்புச் சொல்லக்கூடியது கூலரைத் தனியே கழற்றிச் செய்யும் சோதனை.

கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் பழைய லொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நடைக்கும் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் குறைகிறது. ஆனால் ஏற்றத்திலும் எஞ்சின் சூடேறவில்லை, காலையில் புகையும் இல்லை. சம்ப் நட்டை இளக்கியதும் அரைக் கோப்பை தண்ணீர் வருகிறது. றேடியேற்றர் வாயில் மண்ணிறப் படலம் இருக்கிறது. பத்து நிமிடம் ஓடவிட்டும் குமிழி இல்லை, ஹோஸும் இறுகவில்லை. இவ்வளவும் கூலரைச் சுட்டுகின்றன, ஆனால் இன்னும் நிரூபணம் இல்லை.

தண்ணீரை வடித்து, பில்டர் பக்கத்து மூடியைக் கழற்றிக் கூலரை எடுக்கிறார்கள். ஒயில் வழியின் ஒரு துவாரத்தை இறப்பராலும் தகட்டாலும் இறுக்கி அடைத்து, மற்றதன் வழியாக 60 இறாத்தல் காற்றைக் கொடுத்து, சுடுதண்ணீர் வாளியில் அமிழ்த்துகிறார்கள். சுடுதண்ணீர் அவசியம். சூட்டில் விரிந்தால் மட்டும் திறக்கும் வெடிப்பு, குளிர்ந்த தண்ணீரில் அகப்படாமல் போகலாம். ஒட்டுப் போட்ட விளிம்பில் நூல்போல ஒரு குமிழி வரிசை தெரிகிறது. பழுது அகப்பட்டுவிட்டது. ஹெட்டைத் தொடத் தேவையில்லை. புதிய கூலரும் அதன் கெஸ்கட்டுகளும் போதும்.

கூலரில் குமிழி வராமல் இருந்திருந்தால், சம்பைக் கழற்றிவிட்டு றேடியேற்றர் வாயில் கைப்பம்பினால், மூடியில் குறித்த அளவு அழுத்தம் கொடுத்து, கீழிருந்து பார்க்க வேண்டும். தண்ணீர் மேலிருந்து ஒயில் இறங்கும் வழியாக வந்தால் சந்தேகம் ஹெட் பக்கம். லைனரின் அடியில் சொட்டினால் லைனர் இறப்பர் வளையம். ஹெட்டைக் கழற்றும் முடிவு இந்தச் சோதனைக்குப் பிறகுதான் வர வேண்டும்.

பழுது எதுவாக இருந்தாலும், களி கண்ட ஒயிலுடன் இன்னொரு நடை ஓடக்கூடாது. தண்ணீர் கலந்த ஒயில் பெயாரிங்குகளைத் தாங்காது. கிராங்க் கெட்டால் செலவு ஹெட் வேலையைவிடப் பல மடங்காகும். பழுது தீர்ந்ததும் மலிவான ஒயிலையும் புதிய பில்டரையும் போட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டு வடித்து, பிறகுதான் நல்ல ஒயில் ஊற்ற வேண்டும். றேடியேற்றர் பக்கத்தை நுரை குறைந்த சவர்க்காரத் தண்ணீரால், படலம் போகும்வரை கழுவ வேண்டும். ஒயில் பட்டு ஊதிய ஹோஸ்களை மாற்ற வேண்டும்.

கூலர் ஏன் ஓட்டையானது என்பதையும் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது. கரையோரங்களில் உவர்ப்பும் சேரும். அதையே றேடியேற்றரில் ஊற்றிவந்தால் சுண்ணாம்பு கூலரின் ஒடுங்கிய வழிகளில் படியும், உப்பு தகட்டை அரிக்கும். புதிய கூலர் போட்ட பிறகும் அதே கிணற்றுநீரை ஊற்றினால் அதுவும் அதே வழியில்தான் போகும். கூலன்ட்டை வடித்தநீருடன் போத்தலில் குறித்த அளவில் கலந்து ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்குக் கிணற்றுநீர் ஊற்ற நேர்ந்தால், வீடு வந்ததும் வடித்து மாற்றிவிடுங்கள்.