ஊர்ப்பெயர் இனப்பெயரான விதம்: திருச்சிராப்பள்ளியும் குற்றப் பரம்பரைப் பதிவேடும்

தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் இடம்பெற்றுள்ளன. பெரியசூரியூர்க் கள்ளர், கூட்டப்பால் கள்ளர், வரகனேரிக் குறவர், தோகைமலைக் குறவர் என்னும் பெயர்கள் அதில் உள்ளன. திருச்சிராப்பள்ளிக்காரர் எவருக்கும் இவை முதலில் ஊர்களாகவே தென்படும். பெரிய சூரியூர் திருவெறும்பூர் வட்டாரத்தில் ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன ஊர். கூட்டப்பால் என்று அச்சேறியிருப்பது அதே வட்டாரத்துக் கூத்தைப்பாராகவே இருக்க வேண்டும். வரகனேரி இன்று மாநகருக்குள் அடங்கிவிட்டது; வ.வே.சு. ஐயர் பிறந்த இடம் என்று பலருக்கும் தெரியும். முட்லகம்பட்டி என்ற பதிவில் சாதிப்பெயரே கிடையாது. ஊர் மட்டும் நிற்கிறது, ஒரு சமூகத்தின் பெயராக.

ஒரு பெருஞ்சாதியின் கிளைகள் குலத்தாலோ தொழிலாலோ குலதெய்வத்தாலோ பிரிந்து பெயர் பெறுவது தமிழகத்தில் வழக்கம். உப்பு விற்றவர் உப்புக் குறவர். கறிவேப்பிலை விற்றவர் கறிவேப்பிலைக் குறவர். வரகனேரிக் குறவர் என்ற பெயர் இந்த வரிசையில் சேராது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது காவல்துறையின் எல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இனம் ஒன்று முன்பே இருந்து பதிவேட்டில் ஏறியதாகக் கொள்வதைவிட, பதிவேட்டில் ஏறிய ஊர்க்கூட்டம் பிறகு இனமாயிற்று என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

இது எப்படி நிகழ்ந்தது என்பதைச் சட்டத்தின் நடைமுறையே காட்டுகிறது. 1871-இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்ட பிறகே சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரு இனத்தையோ, கூட்டத்தையோ, வகுப்பையோ, அல்லது அவற்றின் ஒரு பகுதியையோ குற்றப் பரம்பரை என்று அரசிதழில் அறிவிக்க மாகாண அரசுக்கு அது அதிகாரம் அளித்தது. ‘ஒரு பகுதி’ என்ற இந்த இடந்தான் முக்கியம். மாகாணமெங்கும் பரந்து கிடந்த ஒரு சாதியை மொத்தமாக அறிவிக்க நிர்வாகத்துக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. போலீசார் எந்த ஊரைப் பற்றிப் புகார் எழுதினார்களோ அந்த ஊரை மட்டும் வெட்டியெடுத்து அறிவிப்பது எளிதாக இருந்தது. அறிவிப்பு வந்ததும் மாவட்ட மாஜிஸ்திரேட் பதிவேடு தயாரிப்பார். குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வந்து பெயர் கொடுத்து, கைரேகை வைக்க வேண்டும். மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாதபடி சட்டத்திலேயே தடை இருந்தது.

பதிவானவர் ஊரை விட்டு வெளியே தங்குவதையும், தங்க எண்ணுவதையும்கூட முன்கூட்டித் தெரிவிக்குமாறு ஆணையிடச் சட்டம் இடம் கொடுத்தது. வரகனேரியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே திரண்டு அங்கே இராத்தங்கும்போது, அந்த ஆணைக்கு உட்பட்டவர் சொல்லாமல் போய்ச் சேவித்துவிட்டுக் காலையில் திரும்பினால் அதுவே குற்றம். யாருடைய பொருளும் களவு போயிருக்க வேண்டியதில்லை. அவருக்குக் கிடைக்கும் தண்டனை அந்தச் சமூகத்தின் தண்டனைக் கணக்கில் சேரும். அந்தக் கணக்கே பரம்பரைக் குற்றத்துக்கு அடுத்த சான்றாகும். பதிவேடு தன் சான்றைத் தானே விளைவித்துக்கொண்டது இப்படித்தான்.

அறிவுத்துறையும் இதே வட்டத்துக்குள் சுழன்றது. முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்துக் ‘குற்ற வகுப்புகள்’ பற்றிய குறிப்புகளை 1892-இல் வெளியிட்டார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் நூல், குறவர்களைப் பற்றி எழுதும்போது அந்தப் போலீஸ் குறிப்புகளைத் தாராளமாக எடுத்தாண்டது. தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர்; உடலளவையியலைப் போலீசாருக்குக் கற்பித்தவரும் அவரே. போலீசின் சந்தேகம் இனவரைவியலாக அச்சேறி, நிர்வாகத்துக்கு ஆதாரமாகத் திரும்பி வந்தது.

குறவர்களின் அலைச்சலைக் குற்ற இயல்பாகக் கண்ட இந்த எழுத்துகள், அந்த அலைச்சலின் பொருளாதாரத்தைப் பார்க்கவில்லை. கழுதைகளிலும் மாடுகளிலும் பொதியேற்றிக் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்தோடு திரும்புவது அவர்களில் ஒரு பிரிவினரின் தொழில். உப்பு அரசின் ஏகபோகமாகி, ரயில் சரக்கேற்றத் தொடங்கியதும் அந்தத் தொழில் சிதைந்தது. மீனா ராதாகிருஷ்ணா தம் ஆய்வுகளில் இதை விரிவாக நிறுவியுள்ளார். தொழில் போன பிறகும் நடமாட்டம் எஞ்சியது; எஞ்சிய நடமாட்டத்தைத்தான் சட்டம் பதிவு செய்தது.

கள்ளர் விஷயத்தில் நிர்வாக எல்லையின் வேலை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1750-களில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் முகாமிட்டிருக்க, திருச்சிக் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்குப் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆதரவாக நின்றார். தொண்டைமான்கள் கள்ளர் குலத்தவர். அந்த நன்றியின் தொடர்ச்சியாகப் புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாகவே நீடித்தது. அதன் எல்லையை ஒட்டி, பிரிட்டிஷ் மாவட்டத்துக்குள் விழுந்த பெரிய சூரியூரில் கள்ளர் என்ற பெயர் போலீஸ் பதிவேட்டுக்குப் போயிற்று. இரத்தத்தில் ஊறிய குற்றம் என்ற கோட்பாடு இந்த எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்காது.

காலனி ஆட்சி இந்த அடையாளங்களை வெறுமையிலிருந்து படைத்தது என்று நான் சொல்லவில்லை. கள்ளர்களுக்கு நாடு என்ற அமைப்பு முன்பே இருந்தது. பாடிகாவல் முறையும் இருந்தது: ஊர்கள் காவலுக்குக் கூலி கொடுத்தன, கொடுக்காத ஊரில் களவு போவதும் உண்டு. நாட்டின் தலைக்கிராமப் பெயரால் ஒரு கூட்டம் அறியப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பெயர்கள் இடத்துக்கு ஏற்ப நெகிழ்பவை. கைரேகையும் எண்ணும் இணைக்கப்பட்ட பிறகு அவற்றில் பிறப்பால் நுழையலாம், விருப்பால் வெளியேற முடியாது என்ற நிலை வந்தது. கெட்டிப்படுதல் என்று நான் கருதுவது இதையே.

சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் அது 1952 ஆகஸ்ட் 31-இல் ஒழிந்தது. பட்டியல் மட்டும் நலத்திட்டப் பட்டியலாக உயிர்வாழ்ந்தது. பெரியசூரியூர்க் கள்ளருக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் திருச்சிராப்பள்ளி, கரூர், பெரம்பலூர், புதுக்கோட்டை என்ற மாவட்டங்கள் தரப்பட்டுள்ளன. புதுக்கோட்டை 1974-இலும், கரூரும் பெரம்பலூரும் 1995-இலும் தனி மாவட்டங்களாயின. ஆக அந்த அடைப்புக்குறி, 1948-க்குப் பின் புதுக்கோட்டையும் சேர்ந்திருந்த, பிரிக்கப்படாத பழைய திருச்சி மாவட்டத்தின் எல்லையை ஏந்தி நிற்கிறது. 1979-இல் பழங்குடிகள் என்ற சொல் சமூகங்கள் என்று மாற்றப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2019 மார்ச்சில், மத்திய அரசின் திட்டங்களுக்காகப் பழைய பெயரிலும் சான்றிதழ் தர மாநில அரசு ஒப்புக்கொண்டது. கைரேகைக்காக எழுதப்பட்ட பெயரைத் தம் உரிமைக்காக நிலைநாட்ட வேண்டிய கட்டாயத்தில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. இழப்பு எந்தப் பெயரால் நேர்ந்ததோ அந்தப் பெயரால்தான் ஈட்டையும் கேட்க முடியும்.

ஆகவே இன்றைய பட்டியலை இனவரைவியல் ஆவணமாக எடுத்துக்கொண்டு, 68 பெயர்களும் 68 தனி மரபுகள் என்று தொடங்கும் ஆய்வுகள் தொடக்கத்திலேயே பிசகுகின்றன. புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழின் அறிவிப்புகளை ஊர் ஊராக எடுத்து, அந்தந்தக் காவல் நிலையத்தின் எல்லையோடும், அதே குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களோடும் ஒப்பிட வேண்டும். மணவுறவின் எல்லையும் பதிவேட்டின் எல்லையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஊர்களில், பெண் பிறந்த வீட்டில் பதிவுக்குள்ளும் புகுந்த வீட்டில் பதிவுக்கு வெளியேயும் இருந்திருப்பாள். திருவெறும்பூர் வட்டாரத்தில் அந்தக் குடும்பங்களிலிருந்து தொடங்கலாம்.