கூட்டமாக வருவோரும் வரிசையின் நீளமும்: அரிப்பிலிருந்து மன்னார்ப் புகையிரத நிலையத்துக்கு

அரிப்பில் புகையிரதம் இல்லை. அங்கிருந்து கொழும்புக்கு ரயிலில் போக நினைப்பவர் மன்னார் நிலையத்துக்கு வரலாம். 1914இல் திறக்கப்பட்டு, போரில் அழிந்து, 2015இல் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்ட பாதையில் உள்ள நிலையம் அது. பஸ்ஸில் வருபவர்கள் பயணச்சீட்டுக் கருமபீடத்துக்கு ஒவ்வொருவராக வருவதில்லை. குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். பாடநூல் சூத்திரம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதே என் வாதம்.

கோப்பன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை 1909இல் ஆராய்ந்த ஏர்லாங் வழிவந்த எளிய மாதிரியில், வருகைகள் ஒன்றையொன்று சாராமல் λ வீதத்திலும், சேவைகள் μ வீதத்திலும் நிகழ்கின்றன. n பேரிலிருந்து n+1 பேருக்குச் செல்லும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் நெடுங்காலத்தில் சமமாவதால், n பேர் இருக்கும் நிகழ்தகவு (1−ρ)ρⁿ; இங்கு ρ = λ/μ. சேவை பெறுபவரை விட்டுக் காத்திருப்போரை மட்டும் எண்ணினால் சராசரி ρ²/(1−ρ).

கணக்குக்காக மணிக்கு 24 பேர் வருவதாகவும், ஒரு சீட்டுக்குச் சராசரி 2 நிமிடம் ஆவதாகவும் கொள்வோம். ρ = 0.8, வரிசையில் சராசரி 3.2 பேர். லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, இதை λ-ஆல் வகுத்தால் காத்திருப்பு 8 நிமிடம்.

அதே 24 பேர் நால்வர் நால்வராக, மணிக்கு ஆறு குடும்பங்களாக வரட்டும். ஊழியரின் வேலைப்பளு சிறிதும் கூடவில்லை. ஆனால் k பேர் கொண்ட கூட்டங்களுக்கு, நிலையத்தில் இருப்போரின் சராசரி ρ(k+1)/(2(1−ρ)) ஆகிறது. k = 4 எனில் 10 பேர்; சேவை பெறுபவரைக் கழித்தால் காத்திருப்போர் 9.2, காத்திருப்பு 23 நிமிடம். இதில் 20 நிமிடம் முன்வந்த குடும்பங்களுக்காக. மீதி 3 நிமிடம் சொந்தக் குடும்பத்தவருக்காக.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது கருமபீடம் திறப்பதா என்பதன்று, நால்வருக்கும் ஒருவரே சீட்டு எடுப்பதா என்பதே. ஊர், பணம், மிச்சம் எல்லாம் ஒரே தடவையில் முடிந்து நான்கு சீட்டுகளுக்கு 8 நிமிடத்துக்குப் பதில் 4 நிமிடம் போதுமானால், ρ 0.4 ஆகக் குறையும். சேவை நேரத்தின் ஒப்பளவிலான சிதறல் முன்போலவே இருந்தால், பொலாசெக்–கின்சின் சூத்திரப்படி 20 நிமிடக் காத்திருப்பு ஏறத்தாழ 1 நிமிடம் 40 செக்கனாகிவிடும். வேலைநேரத்தைப் பாதியாக்கியதற்குக் கிடைக்கும் பலன் பன்னிரண்டு மடங்கு.

ஒரு வரம்பை மறக்கக் கூடாது. இவை நெடுங்காலச் சராசரிகள். தனித்தனி வருகை மாதிரியிலேயே, ρ = 0.8 எனில், தொடக்க நிலையின் தாக்கம் மங்குவதற்கான கால அளவு 1/(√μ−√λ)². நம் எண்களுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்கும் கருமபீடம் அந்தச் சமநிலையை எட்டாது. வெறுமையான வரிசையோடு தொடங்கினால் உண்மை நீளம் சூத்திரத்துக்குக் கீழே நிற்கும்; கதவு திறக்குமுன்பே ஆட்கள் நின்றிருந்தால் மேலே போகலாம். எனவே நிலையத்தில் அளப்பவர் முதலில் குறிக்க வேண்டியது, கருமபீடம் திறந்த கணத்தில் நின்றவர் எத்தனை பேர் என்பதையும், ஒவ்வொரு பஸ்ஸும் எத்தனை பேரை இறக்கியது என்பதையும்தான்.