ஸ்லிப்பேஜ் வரம்பால் முறியும் நாணய மாற்று

யூனிஸ்வாப் முதலிய மையமற்ற பரிமாற்றகங்களில் நாணயம் மாற்ற விரும்புகிறவர், திரையில் கண்ட விலைக்கும் பரிவர்த்தனை நிறைவேறும் கணத்து விலைக்கும் இடையே எவ்வளவு குறைவைத் தாம் சகிப்பார் என்று முன்கூட்டியே விதித்துக்கொள்ளும் விகிதமே ஸ்லிப்பேஜ் வரம்பாகும். அது மீறப்படுமாயின் மாற்று முற்றிலும் ரத்தாகிறது.

உதாரணமாக, யூனிஸ்வாப்பின் 2ஆம் பதிப்பில் 100 ஈதரும் 2,00,000 யுஎஸ்டிசியும் கொண்ட ஒரு நிதிக்குளத்தில் 1 ஈதரை விற்க முன்வருபவருக்கு, 0.3 சதவீதக் கட்டணம் போக ஏறக்குறைய 1,974 யுஎஸ்டிசி கிடைக்குமென்று திரை காட்டும். வரம்பு 0.5 சதவீதமெனில், 1,964-க்குக் குறையலாகாது என்ற நிபந்தனை amountOutMin என்னும் பெயரில் ஆணையுடனேயே செல்கிறது. அவ்வாணை பிளாக்கில் ஏறுமுன் வேறொருவர் 1 ஈதரை விற்றுவிட்டாலோ, குளத்தின் விகிதம் மாறி, கிடைக்கக்கூடிய தொகை 1,936 ஆகச் சுருங்கிவிடுகிறது. உடனே ஒப்பந்தநிரல் INSUFFICIENT_OUTPUT_AMOUNT என்று அறிவித்து, யாவற்றையும் பூர்வ நிலைக்குத் திருப்பிவிடுகிறது. விற்க வைத்த ஈதர் பத்திரமாக இருக்கும். அதுவரை நடந்த கணிப்புக்குரிய கேஸ் கட்டணம் மட்டும் திரும்பி வராது என்பதுதான் புதியவர்களைத் திகைக்கவைக்கும் விஷயம்.

வரம்பு 3 சதவீதமாக இருந்திருந்தால் இம்மாற்று நிறைவேறியிருக்கும் என்பது மெய்யே. ஆயினும், காத்திருக்கும் ஆணைகளை வேவு பார்க்கும் தானியங்கி நிரல்கள் அத்தளர்வை அளந்து, அவருக்கு முன்னே விற்று விலையை வரம்பின் விளிம்புவரை தாழ்த்தி, பின்னே மலிவாகத் திரும்ப வாங்கி லாபம் பார்க்கின்றன. ஆகவே, விலை கொந்தளிக்கும் வேளையில் வரம்பை மனம்போல் உயர்த்துவதைவிட, புதிய விலையைப் பெற்று, முன்னுரிமைக் கட்டணத்தைச் சற்றே கூட்டி மறுபடி அனுப்புவதே உசிதம்.