அதிர்ஷ்டத்துக்கு ஓர் உச்சவரம்பு: விளையாட்டுகளில் பரிசு அட்டவணையும் பிட்டி கவுண்டரும், 1974–2024

நூறில் ஒரு முறை கிடைக்கும் என்று சொல்லப்பட்ட ஓர் அரிய பொருளுக்காக நூறு முறை முயன்றவர்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் வெறுங்கையோடு நிற்பார்கள். 300 முறை முயன்றவர்களிலும் இருபதில் ஒருவருக்கு அது கிடைத்திருக்காது. ஒரு லட்சம் பேர் ஆடும் விளையாட்டில், 700 முறை முயன்ற பிறகும் அதைக் காணாதவர்கள் 90 பேர் அளவில் இருப்பார்கள். நிரலில் எந்தப் பிழையும் இல்லாதபோதே நிலைமை இதுதான். ஒவ்வொரு முயற்சியும் முந்தையதை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதால், 699 தோல்விகளைச் சுமந்து வந்தவருக்கும் இன்று முதல் முறையாக ஆட வந்தவருக்கும் அடுத்த முயற்சியில் ஒரே வாய்ப்புதான். நிறுவனம் பார்ப்பது சராசரியை. ஆட்டக்காரர் வாழ்வது தன்னுடைய ஒரே ஒரு காத்திருப்பை. இந்த இடைவெளியைச் சரிசெய்ய ஐம்பது ஆண்டுகளில் என்னென்ன செய்யப்பட்டன, அவற்றுள் எவை உண்மையில் ஆட்டக்காரருக்கு உதவின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அட்டவணையின் பிறப்பு

தற்செயலாகப் பரிசு தரும் வழக்கம் கணினிக்கு முன்பே வந்துவிட்டது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டில், அரக்கர்களின் புதையலைத் தீர்மானிக்க விழுக்காட்டு அட்டவணைகள் இருந்தன. பகடையை உருட்டி, வந்த எண்ணை அட்டவணையில் பார்ப்பார்கள். பகடை எத்தனை முறை ஏமாற்றினாலும் மேசையில் நடுவர் ஒருவர் இருந்தார். ஒரு குழு தொடர்ந்து நொந்துபோவதைக் கண்டால் அவர் ஒரு நல்ல வாளை வழியில் வைத்துவிட முடியும். இந்த மனிதர் கணினிக்குள் வரவில்லை, அட்டவணை மட்டும் வந்தது. பின்னாளில் பிட்டி கவுண்டர் என்ற பெயரில் உருவானது அந்த நடுவரின் இடத்தை நிரப்பும் முயற்சி என்றே நான் கருதுகிறேன்.

கணினியில் இந்த அட்டவணை முதிர்ந்த வடிவம் பெற்றதற்குச் சிறந்த சான்று, 2000-ல் வந்த ‘டயாப்லோ 2’. அதன் `TreasureClassEx.txt` கோப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் விழுக்காடு கிடையாது, எடை மட்டுமே உண்டு. ‘எதுவும் விழாது’ என்பதற்கே `NoDrop` என்று ஓர் எடை. ஒரு பொருளின் எடையை எல்லா எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அதன் வாய்ப்பு கிடைக்கும். இம்முறை வடிவமைப்பாளருக்கு மிக வசதியானது, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஒன்றுமில்லை’க்கு 100, தங்கத்துக்கு 40, சாதாரண ஆயுதத்துக்கு 19, அரிய வாளுக்கு 1 என எடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 160, ஆகவே வாளின் வாய்ப்பு 160-ல் ஒன்று. அடுத்த மேம்படுத்தலில் 40 எடையுள்ள மருந்துக் குப்பியைச் சேர்த்தால் கூட்டுத்தொகை 200 ஆகிறது. வாளின் வரிசையை யாரும் தொடவில்லை, இருந்தும் அதன் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இதைத் தடுக்கும் வழி அட்டவணையை அடுக்குகளாகப் பிரிப்பது. வெளி அட்டவணை எந்தத் தரத்துப் பொருள் என்பதை மட்டும் முடிவு செய்யும். அந்தத் தரத்துக்குள் எந்தப் பொருள் என்பதை உள் அட்டவணை முடிவு செய்யும். டயாப்லோ 2-லேயே ஓர் அட்டவணையின் வரிசையாக இன்னோர் அட்டவணை வரலாம். பின்வந்த காச்சா விளையாட்டுகள் இந்த இரண்டடுக்கையே அடித்தளமாகக் கொண்டன. பிட்டி கவுண்டர் இந்த அடுக்குகளில் எதில் பொருத்தப்படுகிறது என்ற கேள்வி இக்கட்டுரையின் பிற்பகுதியில் முக்கியமாகிறது.

சராசரியைத் தொடாத திருத்தம்

முதல் தெளிவான தீர்வு பரிசுப் பொருள் தொடர்பில் எழவில்லை, சண்டையில் எழுந்தது. 2002-ல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டில் 25 விழுக்காடு வாய்ப்புள்ள ஒரு திறன், உள்ளே முதல் அடியில் சுமார் 8.5 விழுக்காடு வாய்ப்போடுதான் தொடங்குகிறது. பலிக்காவிட்டால் அடுத்த அடிக்கு 17, அதற்கடுத்து 25.4 என ஒவ்வொரு தோல்விக்கும் அதே அளவு கூடிக்கொண்டே போகும். பலித்ததும் மீண்டும் 8.5. பன்னிரண்டாவது அடியில் தோல்விக்கே இடமில்லை. தொடக்க எண்ணை இப்படித் தேர்ந்தெடுத்ததால் நீண்டகாலச் சராசரி சரியாக நான்கில் ஒன்றாகவே நிற்கிறது. மாறுவது இரு ஓரங்களும் மட்டும். தூய தற்செயலில் எட்டு அடிகள் தொடர்ந்து வீணாக 10 விழுக்காடு வாய்ப்பு உண்டு, இங்கே 1.4 தான். ஒரு முறை பலித்தவுடன் அடுத்த அடியிலும் பலிக்கும் வாய்ப்பும் 25-லிருந்து 8.5 ஆகச் சுருங்குகிறது. துரதிர்ஷ்டத்தைக் குறைத்த அதே விதி அளவுமீறிய அதிர்ஷ்டத்தையும் குறைத்துவிட்டது. இந்த முறை ‘டோட்டா 2’-ல் இன்றும் வாழ்கிறது.

ஆட்டக்காரர்களின் மனநிலையை வெளிப்படையாகப் பேசியவர் சிட் மெயர். 2010-ல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஆற்றிய உரையில், மூன்றுக்கு ஒன்று என்று வலிமை காட்டப்பட்ட சண்டையில் தோற்பதையே ஆட்டக்காரர்கள் ஏற்கவில்லை என்றும், இரண்டுக்கு ஒன்று என்ற சண்டையில் ஒரு முறை தோற்றவர்கள் அடுத்ததிலும் தோற்றால் ஏதோ பழுது என்று நினைத்தார்கள் என்றும் விளக்கினார். அவருடைய குழு முந்தைய முடிவுகளையும் கணக்கில் எடுக்கும்படி விதியை மாற்றியது. தற்செயலுக்கு நினைவு ஊட்டுவது என்ற எண்ணம் இப்படித் துறையில் நிலைபெற்றது.

ஜப்பானில் எழுந்த உச்சவரம்பு

காசு கொடுத்து இழுக்கும் காச்சாவில் இதே சிக்கல் வேறு எடை பெற்றது. அங்கே ஒவ்வொரு தோல்விக்கும் விலை உண்டு. 2016 புத்தாண்டையொட்டி, சைகேம்ஸ் நிறுவனத்தின் ‘கிரான்புளூ ஃபேண்டசி’ விளையாட்டில் குரங்கு ஆண்டுக்கான அஞ்சிரா என்ற பாத்திரம் குறுகிய காலத்துக்கு வெளியிடப்பட்டது. உயர்தரப் பாத்திரங்கள் மொத்தமாக எத்தனை விழுக்காடு என்பது தெரிந்தது, அஞ்சிராவுக்கு அதில் எவ்வளவு என்பது அறிவிக்கப்படவில்லை. நேரலையில் ஆடிய ஒருவர் அவளைப் பெறுவதற்குள் ஏறத்தாழ 7 லட்சம் யென் செலவழித்தது பெரும் கொந்தளிப்பானது. அதே ஆண்டு மார்ச் முதல், ஒரு நிகழ்வுக்குள் 300 முறை இழுத்தவர் விரும்பிய பாத்திரத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி வந்தது. ஓர் இழுப்புக்கு 300 யென் என்ற கணக்கில் அதன் மதிப்பு 90,000 யென். தனித்தனிப் பாத்திரங்களின் வாய்ப்பும் வெளியிடப்படலாயிற்று.

90,000 யென் சிறிய தொகை அல்ல. ஆயினும் இந்த விதியில் ஒரு நேர்மை இருக்கிறது: உத்தரவாதம் உள் அட்டவணையையும் தாண்டி, கேட்ட பாத்திரம் வரை எட்டுகிறது. குறை வேறிடத்தில். எண்ணிக்கை அடுத்த நிகழ்வுக்குக் கடந்து செல்லாது. 250 இழுப்போடு நின்றவருக்கு அந்த 250-ம் உத்தரவாதக் கணக்கில் வீண். ஆகவே பாதி வழி வந்தவரை மேலும் செலவழிக்கத் தூண்டும் விசை இந்த விதிக்குள்ளேயே இருந்தது.

கென்ஷின்: ஓர் எண்ணுக்குள் மறைந்திருந்த வளைவு

2020 செப்டம்பரில் மிஹோயோ வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’ அந்தக் குறையை நீக்கியது. கவுண்டர் அதே வகை நிகழ்வுகளுக்கிடையே கடந்து செல்கிறது. பாத்திர இழுப்புக்கு அறிவிக்கப்பட்ட விவரங்கள் மூன்று: ஐந்து நட்சத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, 90-வது இழுப்புக்குள் உறுதி, உத்தரவாதத்தையும் சேர்த்த மொத்த வாய்ப்பு 1.6 விழுக்காடு.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கணக்கிட்டால் ஒரு செய்தி வெளிப்படுகிறது. 89 இழுப்புகள் வரை 0.6 விழுக்காடாகவே இருந்து 90-வதில் மட்டும் உறுதி என்றால், சராசரிக் காத்திருப்பு 69.7 இழுப்புகள், அதாவது மொத்த வாய்ப்பு 1.43 விழுக்காடு. அறிவித்த 1.6 விழுக்காட்டுக்கோ சராசரி 62.5 இழுப்புகளாக இருக்க வேண்டும். இந்த ஏழு இழுப்பு வித்தியாசம், 90-க்கு முன்பே வாய்ப்பு எங்கோ ஏறத் தொடங்குகிறது என்பதைக் காட்டுகிறது. ஆட்டக்காரர்கள் தங்கள் இழுப்புப் பதிவுகளைத் திரட்டி அந்த ஏற்றம் 74-வது இழுப்பில் தொடங்குவதாகவும் ஒவ்வொரு படிக்கும் சுமார் 6 விழுக்காடு கூடுவதாகவும் கண்டார்கள். அவர்கள் வந்தடைந்த விதி இது:

```python
def chance(n):
    if n < 74:
        return 0.006
    return min(1.0, 0.006 + 0.06 * (n - 73))
```

இந்த விதிப்படி கணக்கிட்டால் சராசரி 62.3 இழுப்புகள், மொத்த வாய்ப்பு 1.605 விழுக்காடு. அறிவிப்போடு பொருந்துகிறது. ஆனால் சராசரியை விடப் பரவலைப் பார்ப்பதே பயன் தரும். முதல் 73 இழுப்புகளுக்குள் பெறுபவர்கள் 36 விழுக்காட்டினர்தான். 74 முதல் 79 வரையிலான ஆறே இழுப்புகளில் சரிபாதிப் பேர் பெறுகிறார்கள். 90-வது இழுப்பு வரை போக நேர்பவர் அநேகமாக இல்லை.

வார்கிராஃப்ட் 3 விதியிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பது இப்போது தெரியும். அங்கே கவுண்டர் ஏற்கெனவே இருந்த வாய்ப்பைச் சமன்படுத்தியது. இங்கே அடிப்படை வாய்ப்பை மிகத் தாழ்த்திவிட்டு, பரிசில் பெரும்பகுதியைக் கவுண்டரே வழங்குகிறது. தூய தற்செயலில் 1.6 விழுக்காடு என்றால் 73 இழுப்புகளுக்குள் 69 விழுக்காட்டினர் பெற்றிருப்பார்கள். ஆக, கடைசியில் நிற்கும் சிலரைக் காப்பாற்ற, நடுவில் இருக்கும் பலர் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். 1.6 என்ற ஒற்றை எண்ணை மட்டும் வெளியிடுவது இந்த உண்மையை ஆட்டக்காரரிடமிருந்து மறைக்கிறது என்பது என் துணிபு. வாய்ப்பை அறிவிக்கச் சட்டம் கேட்கும் நாடுகள் சராசரியோடு நிற்காமல், எந்த இழுப்புக்குள் பாதிப் பேர் பெறுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

உள் அட்டவணையின் முறை

கென்ஷினில் இந்த 90 இழுப்பு உத்தரவாதம் வெளி அட்டவணைக்கு மட்டுமே. 2024 ஆகஸ்ட் வரை, ஐந்து நட்சத்திரம் வந்தாலும் அது அந்நிகழ்வின் பாத்திரமாக இருக்கப் பாதி வாய்ப்புதான் இருந்தது. தவறினால் அடுத்த ஐந்து நட்சத்திரம் உறுதியாக அந்தப் பாத்திரமே. எனவே உண்மையான உச்சவரம்பு 180 இழுப்புகள், சராசரி அப்போது சுமார் 93. வெளியே ஒடுக்கப்பட்ட துரதிர்ஷ்டம் உள்ளே, ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டுவதில் போய் உட்கார்ந்துகொண்டது. 74 இழுப்புகள் சேர்த்துவைத்து ஒரே சுண்டலில் இழப்பதும், அதே இழப்பு இரண்டு மூன்று நிகழ்வுகளில் தொடர்வதும், பல ஆண்டுகளாக அவ்விளையாட்டின் மிகப் பெரிய மனக்குறையாக இருந்தன.

2024 ஆகஸ்டில் வந்த 5.0 பதிப்பு இந்த உள் சுண்டலுக்கும் ஒரு திருத்தம் சேர்த்தது. தோற்கவேண்டிய சுண்டல் சில வேளைகளில் வெற்றியாக மாறும் என்றும், அதனால் மொத்த வாய்ப்பு 50-லிருந்து 55 விழுக்காடாகும் என்றும் நிறுவனம் அறிவித்தது. இந்த 5 விழுக்காடு எல்லாருக்கும் சமமாகப் பரப்பப்பட்டதா, தொடர்ந்து தோற்றவர்களுக்கு மட்டும் குவிக்கப்பட்டதா என்பதை 55 என்ற எண்ணிலிருந்து அறிய முடியாது. அறிய வேண்டுமானால் பதிவுகளைத் தொடர் தோல்விகளின் எண்ணிக்கைப்படி பிரிக்க வேண்டும்: இதற்கு முன் தோல்வியே இல்லாதவர்கள், ஒரு முறை தோற்றவர்கள், இருமுறை தோற்றவர்கள் என. எல்லாக் குழுவிலும் வெற்றி 55-ஐ ஒட்டியே நின்றால் அங்கே நினைவு இல்லை. தோல்வி கூடக் கூட வெற்றி விழுக்காடும் ஏறினால், உள் அட்டவணைக்கும் ஒரு கவுண்டர் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.