தலைப்பு, துணைத்தலைப்பு, சுருக்க வரி

நீண்ட கட்டுரையின் சாரத்தை மூன்று அளவுகளில் தரும் இதழியல் முறை. சுருக்க வரியை முதலில் எழுதுவதே நல்லது. மற்ற இரண்டும் அதிலிருந்து பிறக்கும். சந்திரயான்-3 கட்டுரைக்கு அது இப்படி அமையலாம்: “2023 ஆகஸ்ட் 23 மாலை விக்ரம் கலம் தரையிறங்கியதன் மூலம், நிலவின் தென்துருவப் பகுதியில் பத்திரமாக இறங்கிய முதல் நாடானது இந்தியா.” இதன் வினை தலைப்புக்குப் போகும்: “நிலவில் இறங்கியது விக்ரம்”. துணைத்தலைப்பு அதையே திருப்பிச் சொல்லாமல் அடுத்த செய்தியைத் தர வேண்டும்: “தென்துருவப் பகுதியில் இந்தியாவே முதல் நாடு”. ஒரு சொல்லை வெட்டுமுன், அது இல்லாமல் வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். இங்கே ‘தென்துருவப் பகுதி’ போனால் செய்தி பொய்யாகிவிடும். நிலவில் மெதுவாகத் தரையிறங்கிய நாடுகளின் வரிசையில் இந்தியா நான்காவது.