மாத்தளை மிளகும் குரக்கனும்: நகர வாடிக்கையாளருக்கு இணையவழி நேரடி விற்பனை

இலங்கையின் மத்திய மாகாணத்திலுள்ள மாத்தளை மாவட்டத்தில் இரண்டு வேறுபட்ட விளைச்சல் நிலங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உக்குவெல, இரத்தோட்டைப் பக்கத்து ஈரமான மலைச்சரிவுகளில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் நிழலில் ஏலக்காய் உண்டு. வடக்கே தம்புள்ளை, கலேவெல வழியாக நிலம் வறளத் தொடங்கும் இடத்தில் குரக்கன் சேனைப் பயிராகிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையம் மாத்தளையில் இருப்பதும் இந்த விளைச்சலை ஒட்டியே.

வழக்கமாக மிளகு கிராமத்துச் சேகரிப்பு வியாபாரியிடமிருந்து மாத்தளை நகரக் கடைக்கும், அங்கிருந்து கொழும்பு ஏற்றுமதியாளருக்கும் போகிறது. அதில் பெரும்பங்கு இந்தியாவுக்குச் செல்கிறது. சேகரிப்பவர் தரம் பிரிக்காத சரக்கையே வாங்குவதால், அதிலுள்ள பதரையும் ஈரத்தையும் மனதில் வைத்துத்தான் விலை சொல்வார். பேஸ்புக், வாட்ஸ்அப், டராஸ் போன்ற வழிகளில் நகர வீடுகளுக்கு நேரே விற்கும் விவசாயி அந்த இடைத்தரகைத் தவிர்க்கிறார். ஆனால் இடைத்தரகர் செய்துவந்த தரம் பிரித்தல், பொதி செய்தல், கொண்டுசேர்த்தல் ஆகிய வேலைகளும் செலவும் அவர் தலையில் வந்து சேர்கின்றன.

மிளகின் தரம் பறிக்கும்போதே தொடங்குகிறது. கதிரில் ஓரிரு மணிகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறிய பின் பறித்தால் மணி கனமாக இருக்கும். திருட்டுக்குப் பயந்தும் அவசரப் பணத்துக்காகவும் முன்கூட்டியே பறிப்பது இந்தப் பகுதியில் சாதாரணம். லேசான மிளகுக்கு அதுதான் முதற்காரணம். உதிர்த்த பச்சை மணிகளைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் நிறம் ஒரே சீராகக் கறுக்கும், சீக்கிரம் காயும், மேற்பரப்பிலுள்ள கிருமிகளும் குறையும். காயவைக்கும் இடம் மண் தரையாக இருக்கக்கூடாது. கோழியும் நாயும் நடமாடும் முற்றத்தில் உலர்ந்த மிளகில் மணலும் எச்சமும் கலந்துவிடும், பிறகு எவ்வளவு சலித்தாலும் அது முழுதாக நீங்காது. உயர்த்திக் கட்டிய தட்டியோ சுத்தமான விரிப்போ போதுமானது. ஈரப்பதம் ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி மிளகை இட்டு மூடி வெயிலில் வைத்தால், உட்புறம் நீர்த்துளி படிவது இன்னும் காயவில்லை என்பதற்கு அடையாளம்.

காய்ந்த மிளகைச் சுளகில் புடைத்துக் காம்பையும் பதரையும் நீக்கிய பின் அரிதட்டில் சலித்துச் சிறு மணிகளைப் பிரிக்க வேண்டும். வர்த்தகத்தில் கனத்தை லீற்றர் எடையால் அளக்கிறார்கள். ஒரு லீற்றர் கொள்கலனை அழுத்தாமல் நிரப்பி நிறுத்தால் 550 கிராமோ அதற்கு மேலோ வருவது நல்ல மிளகு. 500 கிராம் அளவில் வருவது நடுத்தரம். அளவுக் கிண்ணமும் சமையலறைத் தராசும் இருந்தால் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்.

இந்தப் பிரிப்பில் விலை மட்டுமல்ல, விற்பவரின் நம்பகமும் தங்கியிருக்கிறது. மிளகில் பப்பாசி விதை கலக்கும் மோசடி பழையது. அதைக் கண்டுபிடிக்க மிளகை நீரில் போட்டுப் பார்ப்பதை நகரத்து வாடிக்கையாளர் பலர் அறிவர்: பப்பாசி விதை மிதக்கும், முற்றிய மிளகு அமிழும். ஆனால் முற்றாத மிளகும் மிதக்கும். கலப்படமே இல்லாத சரக்கு, லேசான மணிகளால் மட்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். லேசான மிளகு பயனற்றதும் அல்ல. எண்ணெயும் சாறும் வடிப்போர் அதை விரும்பி வாங்குவதால் அந்தப் பங்கைச் சேகரிப்பு வியாபாரிக்கே கொடுத்துவிடலாம். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் சுமார் 33 கிலோ கிடைக்கும். அதில் கால்வாசி சலிப்பில் கழிந்தால், பெயர் ஒட்டி விற்கத்தக்கது 25 கிலோ. நேரடி விற்பனையின் கணக்கு இந்த 25 கிலோவில்தான் தொடங்க வேண்டும்.

குரக்கனின் சிக்கல் கல். மண் களத்தில் அடித்த தானியத்தில் அதே பருமனுள்ள மணல் ஒளிந்திருக்கும், சலித்தாலும் போகாது. நீரில் அலசி அரித்தால் கல் அடியில் தங்கிவிடும். பிறகு தானியத்தை நன்றாக உலர்த்த வேண்டும். மாவாக விற்பவர் ஆலையையும் கவனிக்க வேண்டும். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அடுத்து அரைபடும் குரக்கன் மாவில் காரம் ஏறும். அரைத்த மாவு சூடாக இருக்கும்போதே பொதிந்தால் உள்ளே நீர் படிந்து கட்டி பிடிக்கும், பூஞ்சணமும் வரும். தானியமாக நெடுங்காலம் கெடாதிருக்கும் குரக்கன் மாவானதும் அந்தத் தாங்கும் தன்மையை இழக்கிறது. ஆகவே பெரிய அளவில் அரைத்து அடுக்கி வைப்பதைவிட, வந்த ஓடருக்கு ஏற்ப வாரந்தோறும் அரைப்பதே நல்லது.

பொதியலில் மிளகுக்கும் கராம்புக்கும் மெல்லிய பொலித்தீன் உதவாது. அவற்றின் ஆவியெண்ணெய் அதனூடே வெளியேறி மணம் குறையும், பக்கத்திலுள்ள மாவிலும் ஏறும். அலுமினியப் படலம் சேர்ந்த பல அடுக்குப் பையை வெப்பமூட்டி ஒட்டுவதே ஏற்றது. பையின் மேல் பொருளின் பெயர், நிகர எடை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், பொதிந்தவரின் பெயர் முகவரி, உச்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இவை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் ஒழுங்குவிதிகளிலிருந்தும் நுகர்வோர் அதிகாரசபையின் பணிப்புரைகளிலிருந்தும் வருபவை. தொகுதி இலக்கத்தை வெறும் சடங்காக எண்ணுவோர் உண்டு. ஒரு பொதி பூஞ்சணம் பிடித்ததாக முறைப்பாடு வந்தால், அதே நாளில் பொதிந்த மற்றவை யாரிடம் போயின என்பதை அந்த இலக்கம்தான் காட்டும்.

எதை விற்பது என்பதை இறுதியில் கூரியர் கட்டணமே முடிவு செய்கிறது. கட்டணம் பொதுவாக முதல் கிலோவுக்கு ஒரு தொகை, மேலதிகமான ஒவ்வொரு கிலோவுக்கும் அதைவிடச் சிறிய தொகை என அமையும். கணக்குக்காக முதல் கிலோ 400 ரூபாய், அடுத்தடுத்த கிலோ 100 ரூபாய் என்று கொள்வோம். 700 ரூபாய் மதிப்புள்ள 250 கிராம் மிளகைத் தனியே அனுப்பினால் கட்டணம் பொருளின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. ஒரு கிலோ குரக்கன் மாவை அனுப்பினால் பையும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து எடை ஒரு கிலோவைக் கடந்து இரண்டாம் கிலோவின் கட்டணம் விழுகிறது. 250 கிராம் மிளகு, 50 கிராம் கராம்பு, 500 கிராம் குரக்கன் மாவு மூன்றும் சேர்ந்தால் 800 கிராம். பொதியல் 100 கிராம் என்றாலும் முதல் கிலோவுக்குள் அடங்கும். மிளகு தரும் இலாபம் குரக்கனின் பயணச் செலவையும் தாங்கிக்கொள்கிறது. குரக்கனை மட்டும் தொலைவுக்கு விற்பது அரிதாகவே கட்டுப்படியாகும்.

தபால் திணைக்களத்தின் சேவை நாட்டின் மூலைமுடுக்குகளுக்கும் எட்டும். தனியார் கூரியர்கள் வீட்டுக்கு வந்து பொதியை எடுப்பதோடு, வாடிக்கையாளரிடம் காசு வாங்கிப் பின்னர் விற்பவரின் கணக்கில் இடும் வசதியும் தருகிறார்கள். முன்பின் அறியாதவருக்கு முற்பணம் அனுப்பத் தயங்கும் நகர வாடிக்கையாளர் இந்த முறையையே கேட்பார். பொதியை ஏற்காமல் திருப்புவதும் இதில்தான் அதிகம். திரும்பி வந்த பொதிக்குப் போன கட்டணம் நட்டம். சில நிறுவனங்கள் திரும்பும் வழிக்கும் அறவிடும். மேலே சொன்ன கட்டணத்தில் பத்துப் பொதிகளில் ஒன்று திரும்பினால், மற்ற ஒன்பதின் மேலும் சுமார் 45 ரூபாய் ஏறுகிறது. திரும்பும் கட்டணமும் இருந்தால் அது 90 ரூபாயாகும். அனுப்புமுன் தொலைபேசியில் உறுதிசெய்வதும், கூரியர் கட்டணத்தை மட்டும் முன்பே வாங்குவதும் இதைக் கட்டுப்படுத்தும் எளிய வழிகள்.

ஒரே தொடர்மாடியில் பல வீடுகள் சேர்ந்து ஓடர் செய்தாலோ, கொழும்புக் கடை ஒன்று 20 கிலோ கேட்டாலோ கூரியர் தேவைப்படாது. மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து கொழும்பு செல்லும் பஸ்ஸில் பொதியை ஒப்படைத்தால் செலவு குறையும். ஆனால் பெறுபவர் குறித்த நேரத்தில் நிலையத்துக்கு வந்து எடுக்க வேண்டும், பணமும் முன்கூட்டியே வங்கியில் சேர்ந்திருக்க வேண்டும்.