சிமிட்டினால்தான் தெரியும்: இரைச்சலுக்குள்ளிருந்து சிக்னலை எடுத்த கதை

கோயம்புத்தூர்ல இருந்து மேட்டுப்பாளையம், குன்னூர் வழியா ஊட்டிக்குப் போற ரோடு நம்ம எல்லாருக்கும் பழக்கம்தான். ஆனா ஊட்டியையும் தாண்டி முத்தோரைப் பக்கம் போனா, ஒரு மலைச்சரிவுல அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, நெடுக்கப் பிளந்த குழாய் மாதிரி ஒண்ணு படுத்திருக்கும். அதுதான் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது, 1970ல இருந்து வேலை செய்யுது.

இன்னைக்கு எபிசோடு அந்தத் தொலைநோக்கியோட முழு வரலாறு இல்லைங்க. அதைக் கட்டின கோவிந்த் ஸ்வரூப், ஊட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி கையாண்ட ஒரு உத்தி இருக்கு. லேப்ல லாக்-இன் ஆம்ப்ளிஃபையர்னு ஒரு பெட்டி பார்த்திருப்பீங்களே, அதுக்குள்ள இருக்கிற அதே உத்தி. அது எங்கிருந்து வந்தது, ஊட்டியில் என்ன ஆனது, எங்கே கைவிடும் என்பதுதான் கதை.

முதலில், உத்தி என்ன?

ஒரு சின்ன சோதனையை நினைச்சுக்கோங்க. ஒரு எல்.இ.டி., அதுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி ஒரு போட்டோடயோடு. எல்.இ.டி. வெளிச்சத்தால் சென்சாரில் வருவது வெறும் 10 மைக்ரோவோல்ட். அறையில் ஒரு பழைய டியூப்லைட் எரியுது. அது நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல வினாடிக்கு 100 தடவை மினுங்கும். அதனால் சென்சாரில் வருவது 10 மில்லிவோல்ட், அதாவது நம்ம சிக்னலைப்போல ஆயிரம் மடங்கு. சாதாரண ஆம்ப்ளிஃபையர் போட்டுப் பெரிசாக்கினா ரெண்டும் சேர்ந்தே பெரிசாகும். ஒரு பிரயோஜனமும் இல்லை.

லாக்-இன் முறையில் முதல் வேலை, எல்.இ.டி.யைச் சிமிட்ட வைப்பது. வினாடிக்கு 1,370 தடவைன்னு வெச்சுக்குவோம். சிமிட்டச் சொல்வதே நாமதான் என்பதால், அது எப்போ எரியுது, எப்போ அணையுதுன்னு நமக்குத் துல்லியமாத் தெரியும். அந்தத் தாளத்துக்குப் பேர்தான் ரெஃபரன்ஸ். இப்போ கணக்கு ரொம்ப எளிது: எரியும்போது சென்சார் காட்டுவதைக் கூட்டணும், அணைந்திருக்கும்போது காட்டுவதைக் கழிக்கணும். இதையே விடாமல் செய்து சராசரி எடுக்கணும்.

எல்.இ.டி.யின் வெளிச்சம் எப்பவும் கூட்டல் பக்கமே விழும், அதனால் சேர்ந்துகொண்டே போகும். டியூப்லைட்டுக்கு நம்ம தாளம் தெரியாது. அது ஒரு தரம் கூட்டலில் விழும், அடுத்த தரம் கழித்தலில் விழும், கடைசியில் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். கூட்டிக் கழிப்பதைப் பொறியாளர்கள் ‘ரெஃபரன்ஸால் பெருக்குவது’ என்பார்கள். சராசரி எடுக்கும் வேலையைச் செய்வது லோ-பாஸ் ஃபில்டர்.

எண்ணில் பார்ப்போம். பெருக்கின பிறகு நம்ம சிக்னல் ஆடாமல் அசையாமல் ஒரே அளவில் நிற்கும். டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ், 1,270 ஆகவும் 1,470 ஆகவும் மாறி வேகமாக ஆடிக்கொண்டிருக்கும். ஒரு வினாடி டைம் கான்ஸ்டன்ட் உள்ள எளிய ஃபில்டர், 1,270 ஹெர்ட்ஸ் ஆட்டத்தைச் சுமார் 8,000 மடங்கு குறைக்கும். 10 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 1¼ மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும். ஆயிரம் மடங்கு பெரியதாக இருந்த எதிரி, இப்போ நம்ம 10 மைக்ரோவோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு. இன்னொரு ஃபில்டரை அதே வரிசையில் மாட்டினா அதுவும் காணாமல் போகும்.

பேர் வந்ததும், நிலாவைப் பார்த்ததும்

‘லாக்-இன் ஆம்ப்ளிஃபையர்’ என்ற பேர் 1941லேயே ஒரு ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் வந்துவிட்டது. வால்டர் மிஷெல்ஸும் கர்டிஸும் எழுதியது. ஆனா இந்த உத்தியின் பலத்தை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் டிக்கி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ரேடார் ஆய்வகத்தில் இருந்தார்.

வானத்திலிருந்து வரும் மெல்லிய மைக்ரோவேவ் வெப்பத்தை அளப்பது அவருடைய வேலை. அவருடைய ரிசீவரின் சொந்த இரைச்சல் அந்த வெப்பத்தைவிடப் பல மடங்கு பெரிசு. அதைவிட மோசம், ரிசீவரின் பெருக்கும் திறன் நிமிஷத்துக்கு நிமிஷம் நகர்ந்துகொண்டே இருந்தது. முள் அசைந்தால், அசைத்தது வானமா ரிசீவரான்னு சொல்ல வழியில்லை.

டிக்கி ஒரு சுழலும் தட்டை வைத்து, ரிசீவர் வினாடிக்கு 30 தடவை ஆன்டெனாவையும் தெரிந்த வெப்பநிலையில் இருக்கும் ஒரு மின்தடையையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்படி செய்தார். ரிசீவரின் சொந்த இரைச்சல் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், கழித்தால் போய்விடும். மிச்சம் நிற்பது வானத்துக்கும் மின்தடைக்கும் உள்ள வித்தியாசம். 1946ல் அவர் இதை வெளியிட்டார். அதே கருவியை வைத்துச் சூரியனும் நிலாவும் வெளிவிடும் மைக்ரோவேவ் வெப்பத்தையும் அவருடைய குழு அளந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அடையாளம் எதுவும் இல்லாமல் இரைச்சலில் கலந்த பிறகு சிக்னலைப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். இரைச்சல் கலக்கும் முன்னாடியே சிக்னலில் ஒரு அடையாளம் வைத்துவிட வேண்டும். டிக்கியின் தட்டு ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவில் இருந்ததுக்குக் காரணம் அதுதான்.

ஸ்வரூப் வைத்த அடையாளம்

1950களின் கடைசியில் ஸ்வரூப், ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் பிரேஸ்வெல்லிடம் ஆராய்ச்சி மாணவர். அங்கே 32 டிஷ் ஆன்டெனாக்கள் சிலுவை வடிவத்தில் நின்றன. 9.1 செ.மீ. அலைநீளத்தில் சூரியனைப் படமெடுப்பது நோக்கம். எல்லா டிஷ்ஷிலிருந்தும் வரும் அலைகள் நடுவில் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஒரு வழித்தடம் ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டாலே ஏறக்குறைய 4 டிகிரி ஃபேஸ் பிசகிவிடும். வெயிலில் உலோகம் விரிந்தாலே போதும்.

சரி, அளந்து பார்க்கலாம்னா எப்படி? நடுவிலிருந்து ஒரு அலையை அனுப்பி, டிஷ்ஷில் பட்டுத் திரும்பி வருவதைப் பார்க்கலாம். ஆனா திரும்பி வருவது அது மட்டுமா? வழியில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு வளைவும், மற்ற 31 டிஷ்ஷும் தங்கள் பங்குக்கு எதிரொலிக்கும். எல்லாமே ஒரே அதிர்வெண், அதனால் எது எங்கிருந்து வந்ததுன்னே தெரியாது.

ஸ்வரூப்பும் அவருடைய சக ஆய்வாளர் யாங்கும் 1961ல் வெளியிட்ட தீர்வு இது. எந்த டிஷ்ஷை அளக்கணுமோ, அதன் முனையில் ஒரு டயோடு ஸ்விட்ச். அது தெரிந்த தாளத்தில் திறந்து மூடும். அந்த ஒரு இடத்திலிருந்து வரும் எதிரொலி மட்டும் சிமிட்டும், மற்ற எல்லாம் சும்மா நிற்கும். திரும்பி வரும் மொத்தக் குழப்பத்தையும் அதே தாளத்தால் பெருக்கிச் சராசரி எடுத்தால், சிமிட்டுகிற எதிரொலி மட்டும் மிஞ்சும். அதன் ஃபேஸைப் படித்தால் வழித்தடம் எவ்வளவு நீண்டது, எவ்வளவு சுருங்கியதுன்னு தெரிந்துவிடும். அடுத்து அடுத்த டிஷ். எதையும் கழற்ற வேண்டியதில்லை. ரேடியோ வானியல் பாடப்புத்தகங்களில் இன்னைக்கும் இந்த முறை ஸ்வரூப்-யாங் பேரில்தான் இருக்கு.

ஊட்டியில் யார் ரெஃபரன்ஸ்?

ஸ்வரூப் 1963ல் இந்தியாவுக்குத் திரும்பினார். தென்னிந்தியாவில் மலைச்சரிவு தேடியதுக்குக் காரணம் இருக்கு. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சாய்வுள்ள, வடக்கு-தெற்காக ஓடும் சரிவில் உருளையைப் படுக்க வைத்தால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்தை மணிக்கணக்காகத் தொடரலாம். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். பிரதிபலிக்கும் பரப்பு முழுக்க மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 92 செ.மீ. அலைநீளம். ஸ்டான்ஃபோர்டில் ஒரு மில்லிமீட்டர் செய்த பிசகை இங்கே செய்ய ஒரு சென்டிமீட்டர் வேணும்.

ஆனா ஒரு சிக்கல். கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளியிருக்கும் கேலக்ஸியைப் போய் ‘சிமிட்டு’ன்னு சொல்ல முடியாதே! அங்கே யார் அடையாளம் வைப்பது?

தொலைநோக்கியை வடக்குப் பாதி, தெற்குப் பாதின்னு ரெண்டாகப் பாருங்க. கேலக்ஸியின் அலை ரெண்டு பாதியிலும் விழும். ஒவ்வொரு பாதியின் எலக்ட்ரானிக்ஸும் போடும் இரைச்சல் தனித்தனி, ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்லாதது. ரெண்டையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் பொதுவானது மட்டும் நிற்கும். அதாவது, ஒரு பாதிக்கு இன்னொரு பாதியே ரெஃபரன்ஸ். ஊட்டியில் இப்படிப் பார்க்கும் வசதி இருக்கு. பெருக்கல், பிறகு லோ-பாஸ் ஃபில்டர். ரெஃபரன்ஸ் எங்கிருந்து வருது என்பது மட்டும்தான் மாறியிருக்கு.

எவ்வளவு நேரம் சராசரி எடுக்கலாம்?

ஊட்டித் தொலைநோக்கியின் முதல் பெரிய வேலை, நிலா மறைப்பு. நிலா நகரும்போது அதன் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும். சிக்னல் எப்படி, எந்த நொடியில் இறங்குதுன்னு பார்த்தால் அந்த மூலத்தின் இடமும் கோண அளவும் கிடைக்கும்.

ரேண்டமான இரைச்சலைப் பாதியாக்க நாலு மடங்கு நேரம் சராசரி எடுக்கணும். லேப்ல அது பிரச்சினையில்லை, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். ஆனா நிலா காத்திருக்காது. நட்சத்திரங்களுக்கு எதிரே அது வினாடிக்குச் சுமார் அரை ஆர்க்-செகண்ட் நகரும். 10 வினாடிக்குச் சராசரி எடுத்தால் சிக்னல் அழகாக வழுவழுன்னு இருக்கும், ஆனா 5 ஆர்க்-செகண்டுக்குக் குறைவான எந்த விவரமும் அதில் அழிந்திருக்கும். நேரத்தைக் குறைத்தால் விவரம் இருக்கும், ஆனா மங்கலான மூலம் இரைச்சலில் முங்கிவிடும். மறைப்பு ஒரு தடவை முடிந்தால் முடிந்ததுதான், மறுபடி ஓட்டச் சொல்ல முடியாது.

அந்த இக்கட்டுக்குள்தான் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் மங்கலான பல ரேடியோ மூலங்களின் கோண அளவுகளைத் திரட்டினார்கள். பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கருத்துக்கு அவை ஒத்துவரவில்லை. காலப்போக்கில் மாறிவந்த பிரபஞ்சத்தின் பக்கமே அவை நின்றன.

எது தப்பித்துவிடும்?

இந்த முறை ஏமாறும் முக்கியமான இடம் இது: இரைச்சலே ரெஃபரன்ஸின் தாளத்தில் வந்தால். எல்.இ.டி.யை ஓட்டும் ஒயர் சென்சார் ஒயரை ஒட்டிப் போனால், அந்தக் கசிவும் 1,370 தடவைதான் சிமிட்டும். ஊட்டியில் ரெண்டு பாதியிலும் ஒருசேர விழும் ஒரு டிரான்ஸ்மிட்டரோ, ஒரு வண்டியின் ஸ்பார்க் பிளக்கோ அதே வேலையைச் செய்யும். எத்தனை மணி நேரம் சராசரி எடுத்தாலும் அது குறையாது. சிக்னலைப்போலவே சேர்ந்துகொண்டே போகும்.

கண்டுபிடிக்க வழி சுலபம். எல்.இ.டி.யைச் சிமிட்ட விட்டுவிட்டே, வெளிச்சத்தை ஒரு கறுப்பு அட்டையால் மறைங்க. ரீடிங் பூஜ்யத்துக்கு வரணும். தொலைநோக்கின்னா, எந்த மூலமும் இல்லாத வானத்துப் பக்கம் திருப்புங்க. அப்பவும் பூஜ்யம்தான் வரணும். வரலைன்னா, இத்தனை நேரம் அளந்ததில் உங்க சொந்த ஒயரிங்கும் கலந்திருக்குன்னு அர்த்தம்.